காலியா விட்டா ‘வேண்டாம்’னு அர்த்தமா?

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம் ரெடி பண்ணது நான்தான். பெயர், கல்லூரி, ஊர், போன் நம்பர் நாலும் கட்டாயம். சாப்பாடு, டி-ஷர்ட் சைஸ், “முதல் நாள் இரவு ஹாஸ்டலில் தங்க இடம் வேண்டும்” என்ற டிக் பாக்ஸ் மூன்றும் விருப்பம் இருந்தால் நிரப்பலாம். ஃபார்ம் சின்னதா இருந்தா நிறைய பேர் சேருவாங்க என்பது என் கணக்கு.

முந்தைய நாள் ராத்திரி ஒன்பதரை மணிக்கு, திருநெல்வேலியிலிருந்து நாள் முழுக்க பஸ்ஸில் வந்த இரண்டு பெண்கள் கேட்டில் நின்றார்கள். தங்குறவங்க லிஸ்ட்டில் பேர் இல்லை என்று வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. “அண்ணா, அப்படி ஒரு பாக்ஸ் இருந்ததையே நாங்க பாக்கல” என்றார் ஒருவர். வார்டன் மேடத்திடம் கெஞ்சி ரூம் வாங்குவதற்குள் மணி பதினொன்று.

அவங்க கவனிக்காதது தப்புதானே என்று முதலில் நானும் சொன்னேன். அப்புறம் என் டேபிளைத் திறந்து பார்த்தேன்.

```sql
needs_stay BOOLEAN NOT NULL DEFAULT FALSE
```

டிக் பண்ணாத பாக்ஸைப் பற்றி பிரவுசர் சர்வருக்கு எதையுமே அனுப்பாது. ‘வேண்டாம்’ என்று முடிவு பண்ணினவரும், அந்த இடத்தைப் பார்க்காமலே ஸ்க்ரோல் பண்ணினவரும் அங்கே ஒன்றுதான். இந்த ஒரு வரி, அவங்க சொல்லாத பதிலை அவங்க பேரில் எழுதிவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

சாப்பாட்டிலும் இதே கதை. டிராப்-டவுன் லிஸ்ட்டை யாரும் தொடாமல் விட்டால், முதலில் இருக்கும் ஆப்ஷன்தான் போகும். நான் முதலில் வைத்திருந்தது நான்-வெஜ். மதியம் வெஜ் சாப்பாடு பாதியில் தீர்ந்துபோச்சு.

அதுக்காக டிஃபால்ட்டே கூடாதுன்னு சொல்லல. தப்பான ஊகத்தின் விலை எந்தப் பக்கம் குறைவோ, அந்தப் பக்கம் வைக்கணும். நான்-வெஜ் சாப்பிடுறவர் ஒரு வேளை வெஜ் சாப்பிட்டுவிடுவார். வெஜ் மட்டும் சாப்பிடுறவர் பட்டினி கிடப்பார். அதனால் வெஜ்தான் சரியான டிஃபால்ட். டி-ஷர்ட் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போட்டுக்கலாம், சின்னதாக இருந்தால் முடியாது. ஆக, M-ஐ விட L மேல். இதுக்கெல்லாம் யாரையும் நிறுத்திக் கேட்க வேண்டியதில்லை.

ராத்திரி தங்குற இடம் அப்படி இல்லை. தப்பு தெரியவரும் நேரத்தில் திருத்த வழி இருக்காது, கஷ்டமும் ஃபார்ம் பண்ணின நமக்கு இல்லை. அங்கே ஊகிக்காம கேட்கணும்.

“எல்லாத்தையும் கட்டாயம் ஆக்கிடு” என்றான் நண்பன். வேலைக்கு ஆகாது. ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம் என்று கேட்கிற ஃபார்மில் இனிஷியல் மட்டுமே உள்ள நாம் என்ன செய்கிறோம்? ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகிறோம். காலி இடமாவது உண்மையைச் சொன்னது; புள்ளி அதுவும் சொல்லாது.

இந்த வருஷம் ஜூனியர்ஸோடு சேர்ந்து மாற்றினோம். தங்குற கேள்விக்கு ‘வேணும்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு பட்டன், எதுவும் முன்கூட்டியே தேர்வாகி இருக்காது. காலியாக விட்டு, ஊரும் வெளியூராக இருந்தால் மட்டும், சப்மிட் பண்ணும்போது ஒரு கேள்வி வரும்: “திருநெல்வேலியிலிருந்து வர்றீங்க. இரவு தங்க இடம் வேணுமா?” உள்ளூர்க்காரருக்கு அது வராது. இந்த மாதிரி கேள்வி ஒன்றோடு நிற்கணும். நாலு வந்தால் யாரும் படிக்காம ஓகே அழுத்திடுவாங்க.

டி-ஷர்ட் சைஸ் காலியாக இருந்தால் டேபிளில் `NULL` ஆகவே இருக்கும். ஆர்டர் லிஸ்ட் எடுக்கும்போதுதான் ஊகம்:

```sql
COALESCE(tshirt_size, 'L')
```

இதனால் எத்தனை L அவங்களே சொன்னது, எத்தனை நாம நினைச்சது என்று கடைசி வரை பிரித்துப் பார்க்க முடியும். டேபிளிலேயே L என்று எழுதிவிட்டால் அந்த வித்தியாசம் அன்றோடு போச்சு.

ஒன்றே ஒன்றுக்கு எந்த ஊகமும் கூடாது: “என் நம்பரை ஸ்பான்சருக்குத் தரலாம்” என்ற பாக்ஸ். அதை முன்கூட்டியே டிக் பண்ணி வைப்பது சம்மதம் ஆகாது. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் என்பது அவரே தெளிவாகச் செய்த செயலாக இருக்கணும் என்றுதான் சொல்கிறது.

நீங்களும் ஒரு ஃபார்ம் பண்ணியிருந்தால், கட்டாயமானதை மட்டும் நிரப்பி ஒரு தடவை சப்மிட் பண்ணுங்க. பிறகு டேபிளில் அந்த வரியைப் பாருங்க. நீங்க தொடாத கட்டத்தில் ஒரு பதில் உட்கார்ந்திருந்தால், அது யார் சொன்னது?