எல்லையுள்ள போரும் எல்லையற்ற போரும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு அருகிலுள்ள ஈழத்தமிழர் முகாமைப் பற்றிப் பேச்சு வந்தால், “போர் என்றால் அப்படித்தான், அதில் எல்லை ஏது?” என்று நம்மவர்களே சொல்வதைக் கேட்கிறோம். இதை நாம் ஏற்பதற்கில்லை. போருக்கு எல்லை உண்டா, இல்லையா என்பதை அரசின் நோக்கமே முடிவு செய்கிறது.

கார்கிலை எண்ணிப் பாருங்கள். 1999-இல் இந்திய அரசு வகுத்த நோக்கம் ஒன்றே: ஊடுருவியவர்களைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அப்பால் தள்ளுவது. பாகிஸ்தானை அழிப்பது நோக்கமன்று. ஆகவே, விமானப்படை அக்கோட்டைத் தாண்டக்கூடாது என்று ஆணை பிறந்தது. மே 27, 28 ஆகிய இரு நாட்களில் இரண்டு போர் விமானங்களையும் ஒரு ஹெலிகாப்டரையும் இழந்த பின்னரும் அந்த ஆணை மாறவில்லை. எதிரிக்கு உணவும் தோட்டாவும் வந்த வழிகளைக் கோட்டுக்கு அப்பால் சென்று தாக்க இயலாததால், வீரர்கள் செங்குத்தான சரிவுகளில் ஏறிப் போரிட்டு மடிந்தனர். எல்லைக்கு விலை உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இரு நாடுகளிடமும் அணுகுண்டு இருந்த அச்சமும் அந்த அடக்கத்துக்கு ஒரு காரணம். ஆயினும், கோடு மீட்கப்பட்டதும் போர் நின்றது. நிற்பதற்கு அதற்கோர் இடம் இருந்தது.

வன்னியில் அத்தகைய இடமே இல்லை. புலிகளை அடியோடு ஒழிப்பதே கொழும்பின் நோக்கம்; தனி ஈழத்துக்குக் குறைந்த எதையும் ஏற்க மறுத்த புலிகளோ, வெளியேற முயன்ற சொந்த மக்களையே சுட்டனர். 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்கள் வெளியேறும்படி செய்யப்பட்டனர். சாட்சிகள் அகன்றனர். 2009 ஜனவரியில் அரசே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் எறிகணைகள் விழுந்தன. உள்ளே இருப்போர் சுமார் 70,000 பேரே என்று அரசு கூறியது. உணவும் மருந்தும் அந்தக் கணக்குக்கே அனுப்பப்பட்டன. இறுதியில் உயிரோடு வெளிவந்தவர்களே ஏறத்தாழ இரண்டே முக்கால் இலட்சத்துக்கு மேல்! முழு ஒழிப்பை நாடும் அரசுக்கு, இடையில் நிற்கும் மக்கள் எண்ணிக்கையிலும் இடைஞ்சலாகி விடுகிறார்கள்.

“கார்கில் சிகரங்களில் குடிமக்கள் இல்லையே, ஒப்பிடலாமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கு ஆள் இல்லாத மலையிலும் கோடு மதிக்கப்பட்டது. இங்கோ ஆள் நிறைந்த கடற்கரையில் எந்தக் கோடும் மதிக்கப்படவில்லை. நகரங்களையும் அவற்றின் மக்களையும் வேறுபாடின்றி அழிக்கும் போர்ச்செயலைக் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றமென இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலேயே கண்டித்தது. அந்தக் கண்டனம் வெற்றி பெற்றவனுக்கு விலக்கு அளிக்கவில்லை.

மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் இலங்கை அரசின் விசாரணை ஆணைக்குழு முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 4,29,059. அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2,82,380. மீதி 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். 2021-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். பதில் வரவில்லை.