பாசனப் பட்டியலில் நம் நிலம் எந்தக் கட்டத்தில்?

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அரசு வெளியிடும் புள்ளியியல் கையேட்டில் ‘நீர் ஆதாரவாரியாகப் பாசனப் பரப்பு’ என்றொரு பட்டியல் உண்டு. கால்வாய், ஏரி, ஆழ்துளைக் கிணறு, திறந்தவெளிக் கிணறு, பிற ஆதாரங்கள் எனக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் எத்தனை எக்டர் பாசனம் பெறுகிறது என்ற எண் இருக்கும். அந்தத் தண்ணீர் யார் கையில் இருக்கிறது என்பதற்குக் கட்டம் இல்லை.

இந்த எண்கள் நம் ஊரிலிருந்துதான் புறப்படுகின்றன. ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையிலான பசலி ஆண்டில், கிராம நிர்வாக அலுவலர் புலங்களைப் பார்வையிட்டு அடங்கலில் எழுதுகிறார். சர்வே எண், பரப்பு, பயிர், பாய்ந்த நீரின் ஆதாரம் எல்லாம் அதில் பதிவாகும். வருவாய் ஆய்வாளர் அதைச் சரிபார்க்க வேண்டும். பிறகு குறுவட்டம், வட்டம் என்று தொகுக்கப்பட்டு மாவட்டப் பட்டியலாகிறது. ஆகவே அடங்கலில் விழும் ஒரு சொல்தான் மாவட்டத்தின் கணக்கு.

பட்டியலை வாசிக்க ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு ஏக்கரில் சம்பாவும் நவரையும் நீர்ப் பாய்ச்சி விளைந்தால், நிகரப் பாசனப் பரப்பு ஒரு ஏக்கர், மொத்தப் பாசனப் பரப்பு இரண்டு ஏக்கர். முதலாவது நிலத்தை ஒருமுறை எண்ணுகிறது. இரண்டாவது பயிருக்குப் பயிர் எண்ணுகிறது.

இனி, உதாரணத்துக்கு ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். ஏரியின் ஆயக்கட்டு 60 ஏக்கர். மதகுக்கு அருகில் 40 ஏக்கர் ஊராருடையது. கடைமடையில் 20 ஏக்கர் சேரி மக்களுடையது. ஏரி பாதிதான் நிரம்பிய ஆண்டில் தண்ணீர் 40 ஏக்கரோடு நின்றுவிடுகிறது. கடைமடைக்காரர்கள் மேல்மடைக்காரரின் மோட்டாரிலிருந்து, விளைச்சலில் ஒரு பங்கைக் கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறார்கள். ஆனால் நஞ்சை என்றாலே ஏரிப் பாசனம் என்று பழைய அடங்கலைப் பார்த்து எழுதினால், மாவட்டப் பட்டியலில் ‘ஏரி: 60 ஏக்கர்’ என்றே ஏறும். மதகு பழுதானதும் வாய்க்கால் தூர்ந்ததும் அந்த எண்ணில் தெரியாது. தண்ணீருக்குக் கொடுத்த பங்கும் தெரியாது.

அதே ஊரில் ஆயக்கட்டுக்கு வெளியே 20 ஏக்கர் புஞ்சை இருக்கிறது. பஞ்சமி நிலமாகவோ ஒப்படை நிலமாகவோ வந்தது. நமக்குக் கிடைத்தவற்றில் பெரும்பகுதி தரிசும் புஞ்சையும்தான். ஏரித் தண்ணீர் அங்கே ஏறாது. சொந்தக் கிணறு வெட்டப் பணமில்லாதவர்கள் பக்கத்துக் கிணற்றில் வாங்கிய தண்ணீரில் பயிர் செய்கிறார்கள். சர்வே எண்ணில் கிணறு இல்லை என்பதால் அதை ‘மானாவாரி’ என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்?

2022 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிவாரண விதிகளின்படி, 33 சதவீதமும் அதற்கு மேலும் பயிர் சேதமானால் எக்டருக்கு மானாவாரிக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000 ரூபாய். 20 ஏக்கர் என்பது சுமார் 8 எக்டர். பாசனம் என்று எழுதியிருந்தால் 1,36,000 ரூபாய் கிடைக்கும். மானாவாரி என்றால் 68,000 ரூபாய். காசு கொடுத்துத் தண்ணீர் பாய்ச்சியவருக்குப் பாதி நிவாரணம்.

கிணறு யாருடையது என்று அரசு கேட்பதே இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்றிய அரசின் சிறுபாசனக் கணக்கெடுப்பில் கிணற்று உரிமையாளரின் சமூகப் பிரிவும் கேட்கப்படுகிறது. 2017-18ஐ ஆதார ஆண்டாகக் கொண்ட ஆறாவது கணக்கெடுப்பின் அறிக்கை 2023இல் வந்தது. கேட்ட விவரத்தை மாவட்டக் கையேட்டின் பாசனப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே அச்சிடுவதில் என்ன தடை? மாவட்டத்துக் கிணறுகளில் எத்தனை பட்டியல் சாதியினருடையவை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஏரிக்கும் ஆயக்கட்டுப் பரப்போடு, அந்த ஆண்டு உண்மையில் நீர் பாய்ந்த பரப்பைத் தனியே காட்ட வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. பயிர் நிற்கும்போதே நம் சர்வே எண்ணின் அடங்கல் நகலைக் கேட்டு வாங்குவோம். ஆதாரம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊரில் படிக்கும் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். தவறென்றால் அறுவடைக்கு முன்பே எழுத்தில் மனு கொடுப்போம். அறுவடைக்குப் பின் புலத்தில் சாட்சி இருக்காது. திருத்தவில்லை என்றால், கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தியில் அந்த மனுவின் நகலோடு போய் நிற்போம்.