கான்ட்ராக்டர் சம்பளம் தரலைன்னா யார் தரணும்? ஒரு சட்ட வாக்கியம் தமிழில் தடம் மாறும் இடம்

மறைமலை நகர், ஒரகடம் பக்கம் கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு வாக்கியம், 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21(4)-ஆம் பிரிவில் இருந்தது. 2020-இல் வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 55-ஆம் பிரிவிலும் ஏறக்குறைய அதே வார்த்தைகள்தான்.

ஆங்கிலத்தில் அது ஒரே நீள வாக்கியம். அதற்குள் மூன்று பேர்: தொழிலாளி, கான்ட்ராக்டர், கம்பெனி. சட்டம் கம்பெனியை 'முதன்மை வேலையளிப்பவர்' என்கிறது. கடன்கள் இரண்டு: கம்பெனி தொழிலாளிக்குத் தர வேண்டியது ஒன்று, கான்ட்ராக்டர் கம்பெனிக்குத் தர வேண்டியது இன்னொன்று.

இதைச் சுருக்கித் தமிழில் எழுதினால் இப்படி வரும்: 'கம்பெனி கான்ட்ராக்டரிடம் வசூலித்துத் தொழிலாளிக்குச் சம்பளம் வழங்க வேண்டும்.' படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அர்த்தம் தலைகீழ். 'வசூலித்து' என்று எழுதினாலே, வசூல் முதலில், சம்பளம் பிறகு என்று தமிழில் ஆகிவிடும். கான்ட்ராக்டர் காணாமல் போனால் தொழிலாளி காத்திருக்க வேண்டியதுதான். சட்டம் சொல்வது அதுவல்ல.

பிரித்து எழுதிப் பார்ப்போம்:

1. கான்ட்ராக்டர் உரிய காலத்துக்குள் சம்பளம் தராவிட்டால், முழுச் சம்பளத்தையும் கம்பெனி தொழிலாளிக்குத் தர வேண்டும்.

2. கான்ட்ராக்டர் குறைத்துத் தந்திருந்தால், மீதியைக் கம்பெனி தொழிலாளிக்குத் தர வேண்டும்.

3. அப்படித் தந்த தொகையைக் கம்பெனி பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலிக்கும். கான்ட்ராக்டருக்குத் தர வேண்டிய பில் தொகையில் கழித்துக்கொள்ளலாம். அல்லது கான்ட்ராக்டர் பட்ட கடனாக வசூலிக்கலாம்.

உதாரணத்துக்கு, சம்பளம் ரூ.15,000, கான்ட்ராக்டர் தந்தது ரூ.9,000. மீதி ரூ.6,000-ஐக் கம்பெனி தொழிலாளிக்குத் தர வேண்டும். அந்த ரூ.6,000 அதன் பிறகு கான்ட்ராக்டர் கம்பெனிக்குத் தர வேண்டிய கடன்.

மூன்றாவது வாக்கியத்தில் 'பிடித்தம்' என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறோம். பி.எஃப். பிடித்தம், கேன்டீன் பிடித்தம் என்று பேசுகிற இடத்தில், 'பிடித்தம் செய்து வசூலிக்கலாம்' என்று மொட்டையாக எழுதினால் தன் சம்பளத்தில்தான் கை வைக்கிறார்கள் என்று தொழிலாளி நினைப்பார். அதனால்தான் 'பில் தொகையில்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. 'முதலாளி' என்பதும் இதே மாதிரி சிக்கல். அது கம்பெனியா, கான்ட்ராக்டரா?

தமிழில் எழுவாயை விட்டுவிட்டாலும் வாக்கியம் நிற்கும். பேச்சில் அது வசதி, சட்டத்தில் ஆபத்து. பிரித்த ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாக எடுத்து, யார், யாருக்கு, எதை, எப்போது என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து வாக்கியத்தைப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும் என்றால், பெயரைத் திரும்ப எழுதுங்கள். 'கம்பெனி' நான்கு முறை வந்தால் நடை கொஞ்சம் இடிக்கும். பரவாயில்லை, ரூ.6,000 யார் தரணும்னு தெளிவா இருக்கும்.