தந்தத்துக்கு முன்பணம் கொடுத்தவர்

முதுகலை வரலாறு படித்தபோது நான் எழுதிய டேர்ம் பேப்பரின் தலைப்பு ‘சமண அகிம்சை: உணவும் தொழிலும்’. பாடநூல்களில் திரும்பத் திரும்ப வரும் விளக்கத்தைத்தான் முதல் வரைவில் நானும் எழுதியிருந்தேன். ஏர் உழுதால் புழு பூச்சி சாகும், ஆகவே சமணர்கள் உழவை விட்டு வணிகத்துக்குப் போனார்கள் என்று. வாங்கிப் படித்த வகுப்புத் தோழன் சிரித்துவிட்டான். அவன் வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை. “எங்கப்பா மூணு ஏக்கர் நெல்லு போடுறாரு. அவரை என்ன பண்ணப் போற?” என்றான்.

தமிழ்ச் சமணர்கள் பரம்பரையாக உழவர்கள். கோலாப்பூர், சாங்கலி, பெலகாவிப் பகுதிகளிலும் சமண உழவர்கள் ஏராளம். இது தெரியாமல் அகிம்சையைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. என் அப்பா ஆம்பூரில் டேனரித் தொழிலாளி. சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலில் ஒட்டியிருக்கும் சதையை வழிப்பது அவர் வேலை. ‘கொல்லாதவர்கள் வணிகம் செய்தார்கள்’ என்று எழுதினால், என் வீடு அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது?

ஆகவே மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

சமணத்தில் கொல்லாமை என்பது ஒரு நோன்பு. ஒருவர் தனக்குத்தானே விதித்துக்கொள்வது. துறவி ஏற்கும்போது அது முழுமையானது. மனத்தாலும் சொல்லாலும் உடலாலும் தானும் கொல்வதில்லை, பிறரைக் கொண்டு கொல்விப்பதில்லை, கொல்வதற்கு உடன்படுவதும் இல்லை. இல்லறத்தாருக்கு, அதாவது சாவகருக்கு, இது தளர்த்தப்படுகிறது. வேண்டுமென்றே கொல்வது மட்டும்தான் அவருக்கு முழுத் தடை. அடுப்பெரிப்பதிலும் உழுவதிலும் தற்காப்பிலும் நேரும் கொலையைக் குறைத்துக்கொண்டால் போதும். தோழனின் அப்பா நிற்பது இந்த இடத்தில். ஆனால் இல்லறத்தாரின் நோன்பிலும் ‘செய்விக்காமை’ இருக்கிறது. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உணவு விதிகளும் இதே கணக்கில்தான் வருகின்றன. பழத்தைப் பறித்தால் மரம் பிழைத்திருக்கும். கிழங்கைத் தோண்டினால் செடியே போய்விடும். அதோடு, கிழங்கு என்ற ஓர் உடலுக்குள் எண்ணற்ற உயிர்கள் கூடி வாழ்கின்றன என்பது அவர்கள் கொள்கை. எனவே வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு ஆகாது. பச்சை இஞ்சி ஆகாது, உலர்ந்த சுக்கு ஆகும். இருட்டில் பூச்சி விழுவது தெரியாது என்பதால் பொழுது சாய்ந்தபின் சாப்பாடு இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர் விதி. துணியில் வடிகட்டிக் குடித்தால் மட்டும் போதாது. துணியில் தங்கிய நுண்ணுயிர்களை, எந்தக் கிணற்றில் மொண்டோமோ அந்தக் கிணற்றிலேயே திரும்பச் சேர்க்க வேண்டும். தான் சுத்தமாவதோடு வேலை முடிவதில்லை, எடுத்த உயிருக்கும் பொறுப்பு உண்டு. இந்த அக்கறையை நான் கேலி செய்ய மாட்டேன்.

தொழிலுக்கு வருவோம். சாவகர் தவிர்க்க வேண்டியவை என்று பதினைந்து தொழில்களை நூல்கள் பட்டியலிடுகின்றன. கரி சுடுவது, காடு வெட்டுவது, நிலத்தைப் பிளப்பது, ஏரியை வற்றச் செய்வது, செக்காட்டுவது, நஞ்சு விற்பது என்று போகிறது. சுவேதாம்பர ஆகமமான ‘உபாசகதசா’வில் இந்தப் பட்டியல் ஆனந்தன் என்ற சாவகரின் கதையில் வருகிறது. அவர் தன் உடைமைக்கு வரம்பு கட்டிக்கொள்கிறார். அந்த வரம்பே 500 ஏர்! அத்தனை ஏரையும் அவர் ஒருவரே பிடித்திருக்க முடியாது. பிடித்தவர்களின் கதை அந்த நூலில் இல்லை. அதே நூலில் இன்னொரு முன்மாதிரிச் சாவகர், 500 குயவுக்கூடங்கள் வைத்திருந்த சத்தாலபுத்திரன். கூடங்களின் கணக்குத்தான் நமக்குக் கிடைக்கிறது, மண் பிசைந்தவர்களின் கணக்கு கிடைக்கவில்லை.

பதினைந்தில் என்னை நிறுத்தி வைத்தது ‘தந்த வாணிபம்’. தந்தம் மட்டுமல்ல, மயிர், நகம், எலும்பு, தோல் எல்லாம் இதில் அடங்கும் என்கிறார் 12ஆம் நூற்றாண்டின் ஹேமசந்திரர். இதில் எது குற்றம் என்பதை உரைகள் ஒரு நிகழ்ச்சியாகவே சொல்கின்றன. வணிகர் காட்டுக்குப் போய்ப் புளிந்தர் என்ற வேட்டுவ மக்களிடம் முன்பணம் கொடுக்கிறார். ‘வணிகர் சீக்கிரம் வந்துவிடுவாரே’ என்று அவர்கள் யானையைக் கொல்கிறார்கள். வேல் எறிந்தது புளிந்தர்தான். ஆனால் உரைகாரர் விரல் நீட்டுவது பணம் கொடுத்தவரை நோக்கி. செய்விக்காமை என்றால் இதுதான். எட்டு, ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே, கொலையைப் பணத்தின் வழியே தேடிப்போய்க் கொடுத்தவர் வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

ஆனால் ஹேமசந்திரர் அடுத்த அடியிலேயே கதவைத் திறந்துவிடுகிறார். பொருள் கிடைக்கும் மூல இடத்தில் போய் வாங்கினால்தான் குற்றம். கைமாறி வேறிடம் வந்தபின் வாங்கி விற்றால் குற்றமில்லை. நடுவில் நான்கு கை இருந்தால் போதும், ஐந்தாவது கை தூய்மையாகிவிடுகிறது.

சாதிச் சமூகத்துக்கு இதைவிட வசதியான விதி உண்டா? ‘மூல இடம்’ என்றால் நமக்கு ஊருக்கு வெளியே என்று பொருள். திகம்பரரான ஜினசேனர் 9ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘ஆதிபுராணம்’, வாள், எழுத்து, உழவு, கல்வி, வணிகம், கைத்தொழில் என்ற ஆறு பிழைப்புகளையும் ரிஷபரே உலகுக்குக் கற்றுக்கொடுத்தார் என்கிறது. உழவு அதில் இருக்கிறது. பாடநூல் வாக்கியம் அங்கேயே விழுந்துவிடும். ஆனால் அதே நூல் கைத்தொழிலாளரைத் தீண்டத்தக்கவர், தீண்டத்தகாதவர் என்று இரண்டாகப் பிரித்து, பின்னவரைச் சமூகத்துக்கு வெளியே வைக்கிறது. தண்ணீர்த் துணியில் ஒட்டிய உயிருக்குத் திரும்பிப் போக ஒரு கிணறு இருந்தது. இந்த மனிதர்களுக்கு அது இல்லை.

நோன்பு தன்னைக் கட்டுவதை விட்டுப் பிறரைக் கட்டத் தொடங்கும்போது என்ன ஆகும் என்பதற்குப் பழைய நூல் தேவையில்லை. பர்யூஷண நாட்களில் இறைச்சிக்கூடங்களை மூட அகமதாபாத் மாநகராட்சி முடிவு செய்தது. குரேஷி இறைச்சித் தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். குஜராத் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2008இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. ஒன்பது நாள் என்பது குறுகிய காலம்தான் என்றது. சமணர் உண்ணாதிருப்பது அவர் நோன்பு. குரேஷி ஒன்பது நாள் கூலி இழப்பது யாருடைய நோன்பு? அந்த நாட்களுக்கு அவர் வீட்டில் அடுப்பெரிய யார் பணம் கொடுத்தார்கள்?

பேப்பரில் டேனரி பற்றி ஒரு பத்தி சேர்த்திருந்தேன். ‘தலைப்புக்குத் தொடர்பில்லை’ என்று பேராசிரியர் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். நான் எடுக்கவில்லை, மதிப்பெண் குறைந்தது.

விடுமுறையில் அந்த முன்பணக் கதையை மட்டும் அப்பாவுக்குச் சொன்னேன். சுண்ணாம்பில் வெந்த விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார்.

“காசு குடுத்தவனுக்குத்தான் பாவம்னு அப்பவே எழுதி வெச்சிருக்காங்களா?”

“ஆமாப்பா. ஆனா கைமாறிட்டா இல்லையாம்.”

“அதானே பார்த்தேன்” என்றார்.