ஒப்படைப்புக் குறிப்பு மன்னிப்புக் கடிதமன்று

பேறுகால விடுப்புக்கு விண்ணப்பிக்கும் பெண்ணிடம் நம் கல்லூரிகளில் கேட்கப்படும் முதல் கேள்வி, "உங்க வகுப்பையெல்லாம் யார் பார்த்துக்குவாங்க?" என்பது. அதற்கு விடை சொல்ல வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரே அந்தக் கேள்வியைக் கேட்கிறார். மாற்று ஆசிரியரை ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் வேலை. நடப்பதோ வேறு. எட்டு மாத வயிற்றோடு அவள்தான் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேட்கிறாள். கேட்கும்போதே குரல் இறங்கிவிடுகிறது. அந்த இறங்கிய குரலில்தான் ஒப்படைப்புக் குறிப்பும் எழுதப்படுகிறது. "சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று தொடங்கி, "எப்போது வேண்டுமானாலும் அழையுங்கள்" என்று முடியும் அரைப்பக்கம்.

இந்த இரண்டு வரிகளையும் நாம் நிறுத்த வேண்டும். உரிமையாக எடுக்கும் விடுப்புக்கு மன்னிப்புக் கேட்பது மரியாதை ஆகாது. தன் இடத்தில் வரப்போகிறவள் தடுமாறாமல் வேலை செய்யும்படி எழுதிவைப்பதுதான் மரியாதை. அப்படி வருகிறவளும் பெரும்பாலும் ஒரு பெண்தான். பல இடங்களில் குறைந்த சம்பளத்தில் இருக்கும் கௌரவ விரிவுரையாளர். அரைகுறைக் குறிப்பின் முழுச் சுமையும் அவள் தலையில்தான் விழும்.

எங்கள் துறையின் இளைய ஆசிரியர் ஒருவர் செப்டம்பர் இறுதியில் விடுப்பில் போனார். அவருடைய வகுப்புகள் எனக்கு வந்தன. அலுவலகப் படிவத்தில் நான்கே கட்டங்கள்: பாடம், வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, அலமாரிச் சாவி. அவற்றை நிரப்பிக் கொடுத்துவிட்டு, தனியாக மூன்று பக்கம் எழுதினார். துறைத்தலைவரை முன்னிட்டு, எனக்குப் படியிட்டு எழுதினார். பொறுப்பை எனக்குத் தருவது துறை, அவரல்ல என்பது அந்த முகவரியிலேயே தெளிவாக இருந்தது. வேலைகளைப் பாட வாரியாக அடுக்காமல் தேதி வாரியாக அடுக்கியிருந்தார். இந்த வாரம், இந்த மாதம், பருவ முடிவுக்குள் என்று மூன்று பகுதிகள். ஒரு பத்தி இப்படி இருந்தது:

"இரண்டாமாண்டு பகுதி 1 தமிழ்: மூன்றாம் அலகில் சிலப்பதிகாரம் வழக்குரை காதை, பொருள் விளக்கம் வரை நடத்தியிருக்கிறேன். வினாக்கள் இன்னும் பேசவில்லை. முதல் அகத்தேர்வு மதிப்பெண் பதிவேற்றியாயிற்று. அசைன்மென்ட் 62 பேரில் 54 பேர் கொடுத்துவிட்டார்கள். மீதி எட்டுப் பேரின் பட்டியல் பச்சைக் கோப்பின் முதல் தாள். அவர்களில் மூவருக்கு மட்டும் அக்டோபர் 10 வரை அவகாசம் தந்திருக்கிறேன். மற்ற ஐவருக்குத் தரவில்லை."

கடைசி இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். 'பாடம் மூன்று அலகு முடிந்தது' என்று யாரும் எழுதிவிடலாம். நாம் கொடுத்த வாக்குகளைத்தான் எழுத மறக்கிறோம். அவை எழுதப்படாவிட்டால் மறுவாரமே "மேடம் டைம் தரேன்னு சொன்னாங்க" என்று எட்டுப் பேரும் வந்து நிற்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகப் பிரசவ வார்டுக்குப் போன் போகும்.

இன்னொன்றும் செய்தார். விடுப்புக்கு மூன்று வாரம் முன்பே குறிப்பை என்னிடம் தந்து, ஒரு நாள் முழுக்க அதை மட்டும் வைத்து வேலை பார்க்கச் சொன்னார். நான் கேட்ட ஒவ்வொரு சந்தேகத்தையும் வாயால் தீர்க்காமல் குறிப்பில் சேர்த்தார். அன்று ஐந்து வரிகள் கூடின. மதிப்பெண் தளத்தின் கடவுச்சொல்லை மட்டும் எழுதவில்லை. என் பெயரிலேயே அனுமதி தரும்படி அலுவலகத்தைக் கேட்டிருந்தார். நான் போடும் மதிப்பெண் அவர் கணக்கில் ஏறினால் நாளை பதில் சொல்ல வேண்டியவர் அவராகிவிடுவார். சொன்ன தேதிக்கு எட்டு நாள் முன்பே குழந்தை பிறந்துவிட்டது. கடைசி நாளில் எழுதிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால் எங்களுக்கு அந்த நான்கு கட்டம்தான் மிஞ்சியிருக்கும்.

மூன்றாம் பக்கம்தான் துறையைக் கலக்கியது. கால அட்டவணையில் எங்கும் இல்லாத, ஆனால் அவர் செய்துகொண்டிருந்த வேலைகள் அதில் இருந்தன. விழாக்களுக்குத் தொகுப்புரை, விருந்தினருக்கு வாழ்த்துமடல், உதவித்தொகை விண்ணப்பங்களுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு, விடுதி மாணவிகளின் வீடுகளுக்குப் பேசுவது, துறைக் கூட்டத்துக்குத் தேநீர் சொல்வது வரை. "இதெல்லாம் உங்களை யார் செய்யச் சொன்னது?" என்று தலைவர் கேட்டார். எல்லாரும்தான் சொன்னார்கள், யாரும் தாளில் சொல்லவில்லை. பெண் செய்யும்போது அது அவள் சுபாவம். அவள் பட்டியலிட்டதும் அது வேலை. பட்டியல் கூட்டத்தில் வைக்கப்பட்டது. நான்கு வேலைகளை ஆண் ஆசிரியர்கள் பெயர் போட்டு ஏற்றார்கள். தொகுப்புரையை எவரும் ஏற்கவில்லை. விழா அரைமணி முன்னதாக முடிந்தது, யாருக்கும் ஒன்றும் குறையவில்லை.

முழுமைக்கும் ஓர் எல்லை உண்டு. நம்மை நம்பி ஒரு மாணவி சொன்ன வீட்டுத் துயரம் மூன்று பேர் கை மாறும் தாளில் இடம்பெறக் கூடாது. அவர் அந்த மாணவியிடம் கேட்டுவிட்டு, "இவரை வாரம் ஒருமுறை பாருங்கள். சொல்ல வேண்டியதை அவரே சொல்வார்" என்று மட்டும் எழுதினார்.

இனி அந்த 'எப்போது வேண்டுமானாலும் அழையுங்கள்'. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம், பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரம் பெண்ணை வேலை வாங்கக் கூடாது என்று முதலாளிக்குச் சொன்னது. அதோடு நிற்காமல், அவளும் அந்த ஆறு வாரம் வேலை செய்யக் கூடாது என்றது. கேட்டால் அவளால் மறுக்க முடியாது என்று தெரிந்தே எழுதிய பிரிவாகத்தான் அதை நான் வாசிக்கிறேன். 2017இல் வந்த திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பை 26 வாரமாக்கியது. அந்த வாரங்களைப் போனில் துண்டுதுண்டாகத் திருப்பிக் கொடுப்பதற்கா இத்தனை காலம் போராடினோம்? எங்கள் குறிப்பில் அந்த வரி இருந்த இடத்தில், எந்தச் சந்தேகத்துக்கு யாரைக் கேட்பது என்று ஐந்து பெயர்கள் இருந்தன. அவற்றில் அவர் பெயர் இல்லை.

நான் சொல்லிச் சேர்த்த வரி ஒன்றுதான், கடைசி வரி: "திரும்பியதும் நான் மீண்டும் ஏற்கும் பொறுப்புகள்." முதுகலை இலக்கணத் தாளை ஐந்தாண்டு நடத்தியவள் விடுப்பு முடிந்து வந்தால், "அது அவருக்குப் பழகிடுச்சு, நீங்க பகுதி 1 எடுத்துக்குங்க" என்பார்கள். கைக்குழந்தையோடு இருப்பவளுக்கு அது சலுகையாம். தற்காலிகமாகத் தந்தது நிரந்தரமாகப் பறிபோவது இப்படித்தான். எனவே எந்தத் தாள், எந்தக் குழு, எந்த ஆய்வு மாணவர் மீண்டும் தன்னிடம் வர வேண்டும் என்பதைப் போகும்போதே எழுதி, துறைத்தலைவரின் கையொப்பம் வாங்கி, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். எவ்வளவு நல்ல குறிப்பும் ஓர் ஆளுக்கு ஈடாகாது. என் பதினாறு மணி நேரத்தோடு அவருடைய எட்டு மணி நேரம் சேர்ந்தபோது, குறிப்பு தெளிவாக இருந்ததால் நான் சமாளித்தேன். அந்தச் சமாளிப்பில் நிர்வாகத்துக்கு ஒரு சம்பளம் மிச்சம். அடுத்த முறை குறிப்பின் முதல் வரியிலேயே கேட்போம்: இந்த வேலைகளுக்கு மாற்று ஆசிரியரை எந்தத் தேதிக்குள் நியமிக்கிறீர்கள்?