ஜாக்கியா, குதிரையா?

கிராஞ்சியில் கடைசிக் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி நடந்தது. வென்றது ஜாக்கியின் திறமையா, குதிரையின் வேகமா? யூனிட் டிரஸ்ட் நிர்வாகியைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

ஒரு கற்பனைக் கணக்கு. உங்கள் நிதி, அரசாங்கப் பத்திர வட்டியைவிட மாதம் 1% அதிகம் ஈட்டுகிறது. சந்தை 0.6% அதிகம் தருகிறது. நிதியும் சந்தையும் ஒரே அளவில் ஏறி இறங்குகின்றன, அதாவது பீட்டா 1. சந்தையை மட்டும் பார்க்கும் பழைய மாதிரியில், மிஞ்சும் 0.4% ஆல்பா.

ஆனால், அந்த நிதியில் இருப்பவை சிறிய நிறுவனப் பங்குகள். சொத்து மதிப்புடன் ஒப்பிட்டால் மலிவானவையும்கூட. 1993இல் ஃபாமாவும் ஃபிரெஞ்சும் இந்த இரண்டையும் சந்தையோடு சேர்த்து மூன்று காரணிகளாக்கினர். சிறுமைக்கு 0.1%, மலிவுக்கு 0.24% கழித்தால் ஆல்பா 0.06%தான். அதன் திட்டப்பிழை 0.15% என்றால், அது பூஜ்ஜியமாகவும் இருக்கலாம்.

அவர்கள் அமெரிக்கப் பங்குகளை 25 தொகுப்புகளாகப் பிரித்துச் சோதித்தனர். பெரும்பாலானவற்றின் ஆல்பா பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தது. மிகச் சிறிய, ஆனால் விலை எகிறிய பங்குகளின் தொகுப்பிலோ ஆல்பா எதிர்மறையாகவே நின்றது. மூன்று காரணிகளாலும் அதை விளக்க முடியவில்லை.

ஆல்பா என்பது மாதிரியால் விளக்க முடியாத மிச்சம். அது திறமைக்குச் சான்றிதழ் ஆகாது. விளம்பரத்தில் அதைப் பார்த்தால், எவற்றைக் கழித்த பிறகு வந்த எண் என்று கேளுங்கள்.