மயோனைஸ் தடையும் படுவான்கரை முட்டையும்

2025 ஏப்ரல் 8ஆம் திகதி முதல் ஒரு வருடத்துக்கு, பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. அதற்கு முன்பே 2023 ஜனவரியில் கேரளமும் 2024 ஒக்டோபரில் தெலங்கானாவும் இதைச் செய்திருந்தன. ஹைதராபாத்தில் மோமோ சாப்பிட்ட பலர் நோயுற்று, ஒரு பெண் இறந்ததற்குப் பிறகே தெலங்கானாவின் தடை வந்தது.

இந்தச் செய்தியை மட்டக்களப்பிலிருந்து வாசிக்கும்போது எனக்கு வேறொரு கவலை வருகிறது. யுத்தத்துக்குப் பின் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், தனியே குடும்பத்தைத் தாங்கும் பல பெண்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கிடைத்தது கோழிதான். இன்று சிலர் முட்டையை மட்டும் விற்பதில்லை. சான்ட்விச்சும் பனிசும் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறார்கள், அதற்குள் வைக்கும் மயோனைஸையும் வீட்டிலேயே அடிக்கிறார்கள். இங்கே ஒரு விபத்து நடந்து அதற்குப் பின் தடை வந்தால், முதலில் அடிபடுவது அவர்கள்.

பச்சை முட்டை நமக்குப் புதிதல்ல. பெரியபிள்ளையானவளுக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுத்த வீடுகள்தானே நம்முடையவை. அப்போது வராத வருத்தம் இப்போது ஏன் என்று அம்மம்மாமார் கேட்பது நியாயம். அதிலும் ஆபத்து இல்லாமலில்லை. ஆனால் அது ஒரு முட்டை, ஒருத்தி, உடைத்த உடனே குடித்தாள். மயோனைஸில் பத்து முட்டை ஒரே சட்டிக்குள் போகிறது. அதில் ஒன்றில் சல்மனெல்லா கிருமி இருந்தாலும் சட்டி முழுவதும் கலந்துவிடும். பிறகு அது மணிக்கணக்கில் வெளியே இருக்கும். நம் ஊர் வெக்கையில் கிருமி 40 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று வைத்தால், காலையில் பத்தாக இருந்தது ஆறு மணித்தியாலத்தில் ஐயாயிரத்தைத் தாண்டும். மணமோ நிறமோ மாறாது என்பதால் முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

முட்டையைக் கழுவினால் போதும் என்பதும் தவறு. ஓட்டுக்கு வெளியே எச்சத்தில் இருப்பது ஒரு வகை. நோயுற்ற கோழியின் சூலகத்திலேயே கிருமி இருந்தால், ஓடு உருவாகும் முன்பே அது உள்ளே போய்விடும். ஊர்க்கோழி முட்டைக்கும் இது பொருந்தும்.

வெளிநாடுகளில் இதற்குப் பாஸ்டர் முறை முட்டை விற்கிறார்கள். ஓட்டோடு ஏறத்தாழ 57 பாகை செல்சியஸ் நீரில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைப்பார்கள். கிருமி சாகும், வெள்ளைக்கரு வேகாது. ஓரிரு பாகை கூடினால் முட்டை அவியும், குறைந்தால் கிருமி தப்பும். அடுப்புச் சட்டியில் அந்தச் சூட்டை அவ்வளவு நேரம் பிடித்துவைக்க முடியாது. ஆகவே வீட்டில் இதை முயல வேண்டாம்.

அதைவிட இலகுவானது, மஞ்சள் கருவை முதலில் சூடாக்குவது. இரண்டு மஞ்சள் கரு, இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு. இவற்றைச் சிறு சட்டியில் மிக மெல்லிய நெருப்பில் வைத்துக் கை எடுக்காமல் கிளறுங்கள். தனி மஞ்சள் கரு சீக்கிரம் கட்டிபடும். புளிப்பும் தண்ணீரும் சேர்ந்தால் தாக்குப்பிடிக்கும். கலவை தடித்து, ஓரிரு இடத்தில் குமிழி வந்ததும் இறக்கிவிடுங்கள். வெப்பமானி இருந்தால் 71 பாகை காட்ட வேண்டும், அந்தச் சூட்டில் சல்மனெல்லா செத்துவிடும். நான்கு நிமிடம் ஆறவிட்டு பிளெண்டரில் போட்டு, ஒரு கோப்பை எண்ணெயை நூல் போல விட்டு அடியுங்கள். கிளறும்போது திரளை திரளையாக வந்தால் நெருப்புக் கூடிவிட்டது. புதிதாகத் தொடங்குவதுதான் நல்லது. எண்ணெய் பிரிந்தால் அவசரப்பட்டு ஊற்றிவிட்டீர்கள். அதற்கு ஒரு கரண்டி இளஞ்சூட்டு நீரை வேறு பாத்திரத்தில் எடுத்து, பிரிந்ததைச் சிறிது சிறிதாக அதில் விட்டு அடித்தால் பெரும்பாலும் சேரும்.

தேசிக்காய் கிருமியைக் கொன்றுவிடும் என்று சொல்லிச் சூடாக்குவதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. வீட்டு அளவில் நாம் விடும் புளிப்பு அதை உறுதியாகச் செய்யாது.

செய்ததைப் பிரிஜ்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடிப்பது நல்லது. வெளியே இரண்டு மணித்தியாலம், நல்ல வெயில் நாளில் ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான் கணக்கு. 2022இல் இருந்தது போன்ற மின்வெட்டு மறுபடி வந்தால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

இனிப்புகளில் வட்டிலப்பம் நடுப்பகுதி வரை நன்றாக ஆவியில் அவிவதால் பயமில்லை. கவனிக்க வேண்டியது, பட்டரோடும் ஐசிங் சீனியோடும் பச்சை மஞ்சள் கருவை அடித்துச் செய்யும் சொக்லட் பிஸ்கட் புடிங். அதற்கும் மஞ்சள் கருவைப் பாலோடு சேர்த்து, கரண்டியின் பின்புறத்தில் படியும் வரை காய்ச்சி, ஆறவிட்டுச் சேர்க்கலாம். பச்சை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் சேர்க்கும் மூஸ் வகைகளை விற்பனைக்குச் செய்யாமல் விடுவதே நல்லது. அடித்த கிறீமே அந்த நுரையைத் தரும்.